தான் உகந்த முகம்



இந்த இதழின் அட்டையில் இருக்கும் அம்மாவை உங்களில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்குக் காலை 6 மணிக்கே சூடாக இட்லி கிடைக்கிற இடம் அது. வயது 71. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “மூஞ்சியத்தான் போடுறீங்களே, அப்புறம் பேரு எதுக்கு?” என்றார்.

இதழ் இந்த மாதம் நான்கு நாள் தாமதமாக உங்கள் கைக்கு வந்ததற்கும் அந்த மூஞ்சிதான் காரணம். படம் எடுத்தது எங்கள் புகைப்படக்காரர். அட்டைக்கு மெருகேற்ற வெளியே ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். வேலை முடிந்து வந்த படத்தை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அந்த அம்மாவிடமே காட்டினேன். போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கா. யாருப்பா இது, என் தங்கச்சியா? எனக்குத் தங்கச்சியே கெடையாதே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்துக்கு வந்து, எடுத்த படத்தையும் திருத்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணோரத்தில் விசிறிபோல் விரியும் கோடுகள் காணோம். இடது கன்னத்து மச்சமும், கண்ணுக்குக் கீழே மிளகளவில் இருந்த இரண்டு மருக்களும் இல்லை. இரண்டு கன்னத்திலும் படர்ந்திருந்த மங்கு வெளுத்துப் போயிருந்தது. நெற்றியிலும் மூக்கிலும் இருந்த அம்மைத் தழும்புகளும் போய்விட்டன. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975-இல். ஆகவே அந்தத் தழும்பு உள்ள முகங்களெல்லாம் இன்று 50 வயதைத் தாண்டியவை. இனி புதிதாக ஒரு முகத்திலும் அது வரப்போவதில்லை. அதை ஒரே தேய்ப்பில் அழித்திருந்தார்கள்.

ஸ்டுடியோக்காரரைக் குறை சொல்லவில்லை. கல்யாண ஆல்பம் பார்த்துப் பார்த்துப் பழகிய கை அது. “ஸ்கின் க்ளீன் பண்ணலன்னா கஸ்டமர் திட்டுறாங்க சார்” என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். அவர் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது.

தோலை வழவழப்பாக்கும் கருவிகளில் பழைய வகை செய்வது ஒரு சராசரிக் கணக்கு. ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, அக்கம்பக்கத்தில் ஏறக்குறைய அதே வெளிச்சத்தில் இருக்கும் புள்ளிகளோடு கலந்து ஒரு சராசரி நிறத்தைப் போடும். வெளிச்ச வித்தியாசம் பெரிதாக இருக்கும் இடத்தை ‘இது ஓரம்’ என்று விட்டுவிடும். கண் இமையும் உதடும் மூக்குத்தியும் கூர்மையாக நிற்க, நடுவில் கன்னம் மட்டும் மெழுகாக உருகியிருப்பது இதனால்தான். தோலின் துவாரமும் மெல்லிய சுருக்கமும் சின்ன வெளிச்ச வித்தியாசங்கள். அந்தக் கணக்குக்கு அவையெல்லாம் அழுக்கு. புதிய வகைக் கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போய், முகத்தில் எது பரு, எது மச்சம் என்று தாங்களே முடிவு செய்து துடைக்கின்றன. நேற்று வந்த பருவும் பிறந்தபோதே இருந்த மச்சமும் அவற்றுக்கு ஒன்றுதான்.

நம் ஊர் முகத்துக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெள்ளைக்காரர்கள் மூக்கிலும் கன்னத்திலும் பொரிப்பொரியாகத் தெரியும் வெயில் புள்ளிகள் நம்மிடம் குறைவு. நமக்கு வருவது மங்கு, கண்ணைச் சுற்றிக் கருமை, வயதானால் கறுப்பு மரு. இவையெல்லாம் நிறம் சார்ந்தவை. அதனால் ‘புள்ளியை எடு’ என்று சொன்னால் கருவி நிறத்தையும் சேர்த்துச் சமப்படுத்துகிறது. சமப்படுத்துவது என்றால் பெரும்பாலும் வெளுப்பாக்குவதுதான். அட்டைக்கு வந்த படத்தில் அந்த அம்மாவின் முகம் கழுத்தைவிட நன்றாகவே வெளுத்திருந்தது. முகத்துக்கு 45 வயது, கழுத்துக்கு 71, தோசைக்கல் சுட்ட கைக்கு 80. ஒரே ஆளின் உடம்பில் மூன்று ஆட்கள்.

படத்தை மறுபடி முதலிலிருந்து செய்தோம். எங்கள் லேஅவுட் தம்பி உட்கார்ந்தார், நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். முதலில் ஒரு வரையறை வைத்தோம்: போன வருஷமும் இருந்தது, அடுத்த வருஷமும் இருக்கும் என்றால் அதைத் தொடக்கூடாது. இந்த வாரம் வந்து அடுத்த வாரம் போகிறது என்றால் எடுக்கலாம். அப்படிப் பார்த்தபோது எடுக்க வேண்டியவை மூன்றே மூன்று: தாடையில் ஒரு கொசுக்கடி, புருவத்தில் ஒட்டியிருந்த ஒரு துளி மாவு, நெற்றியில் வியர்வையின் பளபளப்பு. மூலப் படத்தைத் தொடாமல், மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, அதில்தான் கொசுக்கடியையும் மாவையும் மறைத்தார். பளபளப்பை முழுக்க எடுக்கவில்லை, பாதியாகக் குறைத்தார். அடுப்படியில் நிற்கிறவர் முகத்தில் பளபளப்பே இல்லை என்றால் அதுவும் பொய்தானே.

அடுத்து சுருக்கங்கள். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நேரில் பார்ப்பதைவிடப் படத்தில் சுருக்கம் அதிகமாகவே தெரியும். நேரில் பேசும்போது முகம் அசைந்துகொண்டே இருக்கிறது, நாம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறோம். படம் ஒரு நொடித்துகளை உறைய வைத்துவிடுகிறது. பக்கவாட்டு வெளிச்சம் என்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் விழும். போதாததற்கு, அச்சில் மைப்புள்ளி தாளில் ஊறிக் கொஞ்சம் பரவும். நடுத்தர நிழல்கள் திரையில் பார்த்ததைவிடக் கறுத்துப்போகும். ஆகவே எதையுமே தொடாமல் விட்டால் நிஜம் வந்துவிடும் என்பதும் சரியில்லை. அந்த அம்மாவை அவரைவிடக் கிழவியாக அச்சடித்திருப்போம்.

அதனால் கோடுகளை அழிக்காமல், அவற்றின் அடியில் கிடக்கும் நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கினோம். ஒரு சாம்பல் நிற லேயர் போட்டு, அதன் கலப்பு முறையை `Soft Light` என்று மாற்றி, மெல்லிய வெள்ளைத் தூரிகையால் ஆழமான கோடுகளின் அடியில் மட்டும் வருடுவது. வேலை முடிந்ததும் அந்த லேயரின் அடர்த்தியை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கினார். கோடு இருந்த இடத்தில் இருக்கிறது, நீளம் மாறவில்லை, பள்ளம்தான் கொஞ்சம் மேடேறியிருக்கிறது. மங்கையும் மருவையும் மச்சத்தையும் அம்மைத் தழும்பையும் தொடவே இல்லை.

தொழிலில் இருப்பவர்கள் கேட்பீர்கள்: விவரத்தையும் நிறத்தையும் இரண்டு லேயராகப் பிரித்து, நிறத்தை மட்டும் மென்மையாக்கினால் துவாரம் அப்படியே இருக்குமே, அது பரவாயில்லையா என்று. `Frequency Separation` என்று யூடியூபில் எல்லோரும் சொல்லித்தருவது. துவாரம் இருக்கும், வாஸ்தவம். ஆனால் கன்னத்து மடிப்பும் கண்ணடிப் பையும் நிற லேயரில் இருப்பவை. அதை மென்மையாக்கினால் மேடு பள்ளம் போய், துவாரம் மட்டும் மேலே மிதக்கும். ஊதிய பலூனில் சாத்துக்குடித் தோலை ஒட்டியதுபோல் இருக்கும். இன்னும் சிலர் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு, கடைசியில் பொடிமணல் தூவியதுபோல் செயற்கைப் புள்ளிகளைச் சேர்ப்பார்கள். அதுவும் காட்டிக்கொடுத்துவிடும். நிஜத் தோலில் மூக்கோரத்துத் துவாரம் பெரிது, நெற்றிப்பொட்டில் சின்னது. கன்னத்தில் அது சாய்வாக ஓடும். தூவிய மணல் எங்கும் ஒரே அளவு.

திரையில் 300 சதவீதம் பெரிதாக்கி வேலை செய்தால் எல்லாமே குறையாகத் தெரியும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தம்பி ஒரு கட்டத்தில் புருவ முடி ஒவ்வொன்றையும் சீவ ஆரம்பித்துவிட்டார். எழுந்து டீ குடித்துவிட்டு வந்து, அட்டை அச்சாகும் அளவுக்குப் படத்தைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னேன். பிறகு திருத்தம் செய்த லேயர்களை ஒரு தடவை அணைத்து, ஒரு தடவை போட்டு. மாற்றும்போது முகம் ‘டக்’கென்று தாவினால் அதிகம் செய்துவிட்டோம் என்று அர்த்தம். முதல் தடவை தாவியது. நெற்றிக் கோடுகளில் கை கொஞ்சம் தாராளமாகப் போயிருந்தது. பாதியாகக் குறைத்தோம்.

ஸ்டுடியோவுக்குப் போகும் முன்பே, படம் எடுக்கிற நொடியிலேயே முகம் வழவழப்பாகிவிடுகிறது என்பது இன்னொரு கதை. அதற்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

2018-இல் ஐபோன் எக்ஸ்எஸ் வந்தபோது, அதன் செல்ஃபி கேமரா யாரும் கேட்காமலே முகத்தை வழித்துக் காட்டுகிறது என்று உலகம் முழுக்கப் புகார். ‘ப்யூட்டிகேட்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து வந்த எக்ஸ்ஆரிலும் அதே பேச்சு. ஆப்பிள் தந்த விளக்கம் வேறு மாதிரி இருந்தது. போன் ஒரு படத்துக்காகப் பல படங்களை எடுத்து, அதில் ஒன்றை அடிப்படையாக வைத்து மற்றவற்றைச் சேர்க்கிறது. வேகமாக எடுத்த கூர்மையான படத்தை அடிப்படையாக வைப்பதற்குப் பதில், நேரம் எடுத்துக்கொண்டு எடுத்த படத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டது. அந்த நேரத்தில் கை ஒரு துளி ஆடியிருக்கும். அந்த ஆட்டத்தில் முகத்தின் நுண்ணிய விவரம் கரைந்துபோகும். அந்த அக்டோபரிலேயே `iOS 12.1`-இல் சரிசெய்தார்கள். அடுத்த ஆண்டு, 2019-இல், அதே எக்ஸ்ஆர் நம் சுங்குவார்சத்திரம் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாராக ஆரம்பித்தது. ஆக, அழகாக்கும் எண்ணமே இல்லாமலும் ஒரு கேமரா சுருக்கத்தை அழிக்கும். எண்ணத்தோடு செய்கிற கேமராக்களைக் கேட்கவே வேண்டாம்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் இது இன்னும் மோசம். ஹாஸ்டல் அறையின் ஒற்றை டியூப்லைட்டில் எடுத்துப் பாருங்கள். படத்தில் வரும் பொரிச்சலை நீக்கப் போன் தானே துடைக்கும். பொரிச்சலையும் தோல் துவாரத்தையும் அதற்குப் பிரிக்கத் தெரியாது. வாசல் திண்ணையில், வெயில் நேரே விழாத நிழலில் நிற்கவைத்து எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்குக் கேமராவின் அமைப்புக்குள் போய் `Beauty`, `Smoothness`, `Retouch` என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள். பல போன்களில் நாம் தொடாமலேயே அது கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். 2020-இல் கூகுள் தன் பிக்சல் போன்களில் இதை ஆரம்பத்திலேயே அணைத்து வைக்க முடிவு செய்தது. ‘அழகாக்கு’ என்கிற தொனி வரும் சொற்களையும் எடுத்துவிட்டது. பெயரை மாற்றியது எனக்குப் பிடித்திருந்தது. அழகு என்று பெயர் வைத்த பொத்தானை அணைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

எடுத்த படத்தை எங்களுக்கு அனுப்பும்போது இன்னொன்று. வாட்ஸப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, நுண்விவரத்தையும் கழித்துவிட்டுத்தான் அனுப்பும். `Document` என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ‘வாசகர் முகம்’ பகுதிக்கு வரும் படங்கள் மெழுகுபோல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதை எழுதும்போது என் மனதில் இருக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு பெரியவர் போய்விட்டால், மாலை போட ஒரு படம் வேண்டும். அவசரத்தில் கிடைப்பது ஒரு பழைய பாஸ்போர்ட் சைஸ் படம், இல்லையென்றால் கம்பெனி அடையாள அட்டை. அதை இப்போது முகத்தைத் தெளிவாக்கும் ஏஐ செயலியில் போட்டு எடுக்கிறார்கள். ஒரு வாசகர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். சுவரில் அவருடைய அப்பா பளிச்சென்று இருந்தார். பல் வரிசை அவருடையது இல்லை. நெற்றியில் மூன்று கோடு இருக்கும், அது இல்லை. பேத்தி மட்டும், “தாத்தா மாதிரி இல்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெரியவர்கள் அவளை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் செயலிகள் படத்தைத் துடைப்பதில்லை, வரைகின்றன. இந்த வகை மாதிரிகள் பலவற்றுக்குப் பயிற்சி தந்தது, இணையத்தில் கிடைத்த 70,000 முகங்கள் கொண்ட ஒரு தொகுப்பு. கலங்கிய முகத்தைக் கொடுத்தால், தான் பார்த்த முகங்களை வைத்து ‘இப்படித்தான் இருந்திருக்கும்’ என்று ஒரு தெளிவான முகத்தைப் போட்டுத்தரும். கலங்கிய படத்தில் மரு தெரியாது, ஆகவே புதிய முகத்திலும் மரு இருக்காது. அப்படிப்பட்ட ஒன்றான கோட்ஃபார்மரில், மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் அளவே வைத்திருக்கிறார்கள். 0 பக்கம் போனால் பளபளப்பு கூடும், 1 பக்கம் போனால் ஆள் ஒத்துப்போவார். கடைக்காரர் எப்போதும் பளபளப்புப் பக்கம்தான் தள்ளுவார்.

அதற்கு முன்னால் ஒரு சாதாரண வழி இருக்கிறது. அச்சடித்த படம் கையில் இருந்தால் அதைப் போனில் படம் எடுக்காமல், ஸ்கேனரில் 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் படம் 35 மில்லிமீட்டர் அகலம் என்றால், ஏறக்குறைய 1,650 புள்ளிகள் கிடைக்கும். அதை 8 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 200 புள்ளிக்கு மேல். நன்றாக அச்சடித்த படம் என்றால், சுவரில் மாட்டி ஆறேழு அடி தள்ளி நின்று பார்க்க இது தாராளம். தூசியையும் கீறலையும் ஸ்டேப்ளர் துளையையும் மட்டும் எடுத்தால் போதும். கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். ஆனால் கலங்கலாக இருப்பது அவராக இருப்பார். அந்த வீட்டிலும் பிறகு அப்படித்தான் செய்து மாட்டினார்கள்.

நம் ஸ்ரீபெரும்புதூரில் இதைப் பற்றிப் பழைய பேச்சே ஒன்று உண்டு. ராமானுஜருக்கு மூன்று திருமேனிகள் என்பார்கள். திருவரங்கத்தில் இருப்பது தானான திருமேனி. மேல்கோட்டையில் அடியார்கள் விரும்பிச் செய்துவைத்தது தமர் உகந்த திருமேனி. இங்கே ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருப்பது தான் உகந்த திருமேனி. அவரே பார்த்து, சரி என்று ஏற்றுக்கொண்டது என்பது ஐதீகம். படம் திருத்துகிற தொழிலில் இருக்கிற சண்டை முழுவதும் தமர் உகந்தது, தான் உகந்தது என்கிற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றும். ஸ்டுடியோ செய்தது தமர் உகந்தது, பார்க்கிறவர்களுக்குப் பிடித்தது. சுருக்கத்தை வைத்தே ஆக வேண்டும் என்று ஆசிரியர் நாற்காலியிலிருந்து நான் அடம்பிடித்தாலும் அதுவும் தமர் உகந்ததுதான், வேறு வகைத் தமர். அந்த அம்மாவே மச்சத்தை எடுக்கச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? எடுத்திருப்பேன். முகம் அவருடையது.

அதனால் புதிய படத்தை அச்செடுத்து, கடைக்கே கொண்டுபோனேன். மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். மச்சத்தின் மேல் விரலை வைத்தார், மூக்குத் தழும்பின் மேல் வைத்தார். “இது எனக்கு ஆறு வயசுல வந்தது. மாரியம்மா பாத்துட்டுப் போனா” என்றார். பிறகு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். குங்குமம் வியர்வையில் கொஞ்சம் வழிந்திருக்கிறது, அதை வட்டமாக்கச் சொன்னார். தினமும் காலையில் வட்டமாகத்தான் வைக்கிறாராம். ஆக்கிவிட்டோம்; அட்டையில் பாருங்கள்.

கிளம்பும்போது மேசையில் கிடந்த போன மாத இதழைப் புரட்டி, இந்தப் பக்கத்தை எடுத்து, மேலே இருக்கும் என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தம்பி, இது எப்ப எடுத்தது?”

12 வருஷத்துக்கு முந்தையது. ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்ததை வெட்டி, கண்ணுக்குக் கீழே இருந்த பையை எடுத்து, காதோரத்து நரையைக் கறுப்பாக்கிப் போட்டது. யார் எடுக்கச் சொன்னது என்று நீங்கள் கேட்கப்போவதில்லை என்று நம்புகிறேன்.

இந்த இதழில் மேலே இருப்பது போன வியாழக்கிழமை, அந்தக் கடை வாசலில், வேப்பமர நிழலில் லேஅவுட் தம்பி எடுத்தது.

அன்புடன்,
ஆசிரியர்